பந்தைப் பார்க்காத கண்

நாய்களைப் படம் பிடிப்பதுதான் அக்காவின் பிழைப்பு. கல்யாண வீடுகளுக்கும் போய்ப் பார்த்தாள், சரிப்பட்டு வரவில்லை. மணமக்களைச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சுவதைவிட நாய்க்குப் பின்னால் ஓடுவது மேல் என்று முடிவு கட்டிவிட்டாள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய ஸ்டுடியோ. அப்பா அம்மா போனபிறகு அந்த வீட்டில் இருந்தது அவளும் தங்கையும் தங்கையின் கறுப்பு நாயும்தான். அதன் பெயர் மை. உச்சியிலிருந்து வால் நுனி வரை ஒரு வெள்ளை முடி கிடையாது. தங்கைக்குக் கல்யாணமாகி நகரத்தின் மறுகோடிக்குப் போனபோது மையும் சீதனம் மாதிரி கூடவே போனது.

மாப்பிள்ளை நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். சிரித்த முகம், யாரையும் பேச்சில் கட்டிப்போட்டுவிடுவான். ஊருக்குப் போகிறவர்கள் நாயை விட்டுச் செல்லவும், அடங்காத நாயை அடக்கித் தரவும் ஒரு காப்பகம் திறக்கப்போகிறான். வீட்டுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் கம்பிக் கூண்டுகள் வரிசையாக எழுந்துகொண்டிருந்தன. வாசலில் வைக்க ஆளுயரத்துக்கு மேல் ஒரு படம் வேண்டுமாம். மை அந்தரத்தில் பந்தைக் கவ்வுகிற படம்.

“வெளியாளத் தேடிப் போவானேன், நம்ம வீட்லயே ஆள் இருக்கும்போது?” என்று போனில் சொன்னான். அக்காவுக்கும் சந்தோஷம்தான். தங்கையைப் பார்த்து நாளாகியிருந்தது. கூப்பிட்டால் எடுப்பதில்லை. எடுத்தாலும் பின்னால் மாப்பிள்ளை குரல் கேட்கும், பேச்சு சுருங்கிவிடும்.

மாலை வெயில் சாய்ந்தபிறகு படப்பிடிப்பு. புல்லில் பாயை விரித்து, அக்கா குப்புறப் படுத்துக்கொண்டாள். நாயை நின்றபடி எடுத்தால் அது தரையோடு ஒட்டிய மாதிரி தெரியும். தரைமட்டத்திலிருந்து எடுத்தால்தான் ஒரு முழத் தாவலும் மலை தாண்டியது போல இருக்கும். சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டாள். கறுப்பு நாயிடம் அதுதான் சிக்கல். முகமும் கறுப்பு, கண்ணும் கறுப்பு. கண்ணுக்குள் ஒரு துளி வெளிச்சம் விழாவிட்டால் கேமராவுக்கே எது கண் என்று தெரியாது, மூக்கையே கண்ணென்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஷட்டர் வேகத்தை ஏற்றினாள். ஒரு நொடியை மூவாயிரம் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. அந்த வேகத்தில்தான் காற்றில் பறக்கிற எச்சில் துளிகூட மணி மாதிரி உறைந்து நிற்கும்.

மாப்பிள்ளை அவளுக்கு வலப்பக்கம் சில அடி தள்ளி நின்றான். தங்கையைத் தூரத்தில் வேலியோரம் அவனே நிறுத்திவைத்தான். பின்னணி வெறிச்சென்று இருக்கட்டும் என்று அக்கா சொன்னதற்கு, குடும்பம்னு ஒண்ணு தெரியட்டும் அக்கா, மங்கலாத் தெரிஞ்சாப் போதும் என்றான். தங்கை ஒன்றும் சொல்லாமல் போய் நின்றாள். வாயைத் திறந்தால் மூடாதவள் அவள். வந்ததிலிருந்து அக்கா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை பதில் சொல்லியிருந்தான். புதுப் பெண்டாட்டி மேல் உள்ள மயக்கம் என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

பந்து மேலே போனது. மை உட்காருகிற மாதிரி பின்னங்கால்களை மடக்கி, தரையை உதைத்து எழும்பியது. முன்னங்கால்கள் மார்போடு ஒடுங்கின, முதுகு வில்லாக வளைந்தது, வாய் பிளந்தது. அக்கா விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள். சத்தமில்லாத ஷட்டர், ஒரு நொடிக்கு இருபது படம். மறுபடி பந்து, மறுபடி தாவல். நடுவில் மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. அவன் கூண்டுகளுக்குப் பின்னால் போய்ப் பேசிக்கொண்டிருக்கையில் தங்கை வந்து அதே இடத்தில் நின்று ஒரே ஒரு முறை பந்தை வீசினாள். பிறகு அவன் வந்துவிட்டான். நாயின் தாவலைப் பற்றி அவன் அடித்த நக்கலில் அக்கா சிரித்துச் சிரித்துக் கேமராவையே ஆட்டிவிட்டாள். மொத்தத்தில் நல்ல மாலை என்று நினைத்தபடிதான் வீடு திரும்பினாள்.

மறுநாள் படங்களைக் கணினியில் ஏற்றி, கழிப்பதைக் கழிக்க உட்கார்ந்தாள். இந்த வேலையில் தொண்ணூறு பங்கு குப்பை. வால் வெட்டுப்பட்டிருக்கும், பந்து முகத்தை மறைத்திருக்கும், கூர்மை காதுக்குப் போயிருக்கும். கண் கூர்மையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். மையின் கண் ஊசி குத்தின மாதிரி துல்லியமாக விழுந்திருந்தது. இமை முடியை எண்ணலாம்.

ஒரு நல்ல படத்தைப் பெரிதாக்கினாள். மூக்குக்குச் சாண் தூரத்தில் பந்து. பற்கள், மடிந்த நாக்கு, காற்றில் நிற்கும் எச்சில். தலை மேலே பந்தை நோக்கித்தான் இருந்தது. கண்மணி மட்டும் கீழே, ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. அதற்கு மேலே வெள்ளை விழி பிறை மாதிரி பிதுங்கித் தெரிந்தது.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

பந்தைப் பிடிக்கிற நாய் பந்தைத்தான் பார்க்கும். பார்க்காவிட்டால் எப்படிப் பிடிக்கும்? உதடு பந்தைத் தொடும்வரை கண் அதிலேயே ஒட்டியிருக்கும். தாடை மூடுகிற நேரத்தில்தான் இமை பாதி இறங்கும், அடி படாமல் கண்ணைக் காத்துக்கொள்ள. எத்தனையோ நாய்களிடம் பார்த்ததுதான் இது. மையிடமே பார்த்திருக்கிறாள். இங்கே மை பந்தை ஆரம்பத்தில் ஒருமுறை பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, மீதி நேரமெல்லாம் கீழே வேறெதையோ பார்த்திருந்தது. தாடை மூடும்போதும் இமை இறங்கவில்லை. கண் விரியத் திறந்தபடி வலப்பக்கம் பார்த்தது. அங்கேதான் மாப்பிள்ளை நின்றான்.

ஒரு படத்தில் அப்படி விழலாம் என்று அடுத்த தாவலைத் திறந்தாள். அதிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். காதுகள் காற்றில் பறக்காமல் மண்டையோடு ஒட்டிக் கிடந்தன. அந்தரத்தில்கூட வால் தொடைகளுக்கு நடுவே செருகியிருந்தது. வெறும் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. கறுப்பாக ஒன்று எழும்பியது, பந்து போனது, அவ்வளவுதான் தெரியும். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். அவளும் தட்டினாள்.

தங்கை வீசிய அந்த ஒரு தாவலைத் தேடி எடுத்தாள். அதே இடம், அதே வெயில், அதே பந்து. அதில் காதுகள் இரண்டும் கொடி மாதிரி பறந்தன. இரண்டு கண்ணும் பந்திலேயே குவிந்திருந்தன. பந்து வாய்க்குள் போனபோது இமைகள் இறங்கின. அந்த வரிசையின் கடைசிச் சில படங்களில் தரையில் நிற்கும் மை தலையைத் திருப்புகிறது, வாய் திறந்து பந்து விழுகிறது. மாப்பிள்ளை போன் பேசி முடித்துத் திரும்பிய நேரம் அது.

அக்கா அதோடு விடவில்லை. ஒவ்வொரு வரிசையையும் முதல் படத்துக்கு ஓட்டினாள். விரல் பொத்தானை முழுதாக அமுக்குவதற்கு முன்னால் நடந்ததையும் கொஞ்சம் பிடித்துவைக்கும்படி கேமராவை அமைத்திருந்தாள், தாவலின் தொடக்கம் தப்பிவிடக் கூடாது என்று. அதனால் மாப்பிள்ளை பந்தை வீசுவதற்கு முந்திய கணமும் பதிவாகியிருந்தது. அவன் படத்துக்குள் இல்லை. சூரியன் முதுகுப் பக்கம் இருந்ததால் அவனுடைய நிழல் இருந்தது. புல்லின்மேல் நீண்டு கிடந்த அந்த நிழலில் கை மெல்ல எழும்புகிறது. கை எழும்ப எழும்ப மை தரையோடு தாழ்கிறது. தாவுவதற்குக் காலை மடக்குவது வேறு, இது வேறு. கழுத்து உள்ளே போய், முகம் ஒருபக்கம் திரும்பி, கண் சுருங்குகிறது. அடி விழும் என்று காத்திருக்கிற உடம்பு அது.

மறுபடி பின்னால் ஓட்டினாள், மறுபடி முன்னால். அப்போதுதான் பின்னணியில் ஏதோ அசைவது கண்ணில் பட்டது. வேலியோரம் மங்கலாக, முகம் தெரியாத வெளிர்நிறப் புகை மாதிரி நின்ற தங்கை. நிழலின் கை எழும்பும்போது அவள் தோள்களும் மேலே ஏறின. தலை தாழ்ந்து ஒருபக்கம் திரும்பியது. மை எந்தப் படத்தில் குனிகிறதோ அதே படத்தில். அத்தனை தூரத்தில் நிற்பவளுக்கு அந்தப் பந்தால் என்ன வந்துவிடப் போகிறது?

அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து எல்லா வரிசையையும் பார்த்தாள். ஒன்றில்கூடத் தப்பவில்லை.

உடனே போன் செய்தாள். தங்கை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை கூப்பிட்டு, அவ தூங்குறாக்கா, படம் ரெடியா, நானே வந்து பாக்கறேன் என்றான்.

வந்தபோது தனியாகத்தான் வந்தான். கையில் பழக்கூடை. முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அவளைக் கேட்காமலேயே கணினிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டான். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். சூப்பர், சூப்பர் என்று சொல்லிக்கொண்டே வந்தவனின் விரல் ஓரிடத்தில் நின்றது. பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். திரை முழுக்க ஒற்றைக் கண்.

“கண்ணு ரொம்பத் துல்லியமா விழுந்திருக்குக்கா” என்றான்.

அவள் பழக்கூடையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“பந்தப் பாக்கல பாருங்க. என்னத்தான் பாக்குது.” சிரித்தான். நாய்னா அப்படித்தான் இருக்கணும், எஜமான் எங்க இருக்கான்ங்கிறதுலதான் அதுக்குக் கண்ணு இருக்கணும் என்றான். பிறகு, வாசலில் வைக்கும்போது ஜனங்களுக்கு அது புரியாது, கண்மணியை மட்டும் பந்துப் பக்கம் திருப்பிவிட முடியுமா என்று கேட்டான். சாதாரண வேலையைக் கேட்கிற குரல்தான். முடியும் என்று அவள் சொன்னாள். தன் குரல் தனக்கே யாருடையதோ போல் இருந்தது.

அவன் உடனே எழவில்லை. படத்தைப் பின்னணிக்கு நகர்த்தினான். மங்கலாக நின்ற உருவத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தான். அவள் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்த படம்தான் அது. அது தெரிந்துதான் பார்க்கிறானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“இவ எப்பவுமே படத்துல சரியா விழ மாட்டா. இல்லக்கா?”

அவள் பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

“எல்லாப் படத்தையும் எனக்கே குடுத்துடுங்க. உங்ககிட்ட ஒண்ணும் தங்க வேணாம். வீட்டுப் படம், பாருங்க.”

கொடுக்கிறேன் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அவன் திறந்து வைத்திருந்த படத்தில் பந்தைச் சுட்டிக்காட்டினாள். பந்து உருண்டையாக இல்லை, முட்டை மாதிரி நசுங்கியிருந்தது. சத்தமில்லாத ஷட்டரின் குறை அது. படத்தை ஒரேயடியாக எடுக்காமல், மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கும். வாசித்து முடிப்பதற்குள் பந்து நகர்ந்துவிடும். சின்னப் படத்தில் தெரியாது. ஆளுயரத்துக்கு மேல் அடித்தால் வாசலில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சத்தம் போடுகிற ஷட்டரை வைத்து மறுபடி எடுத்தால் பந்து உருண்டையாக வரும் என்றாள். வெட்டவெளியாக ஒரு இடம் வேண்டும். நீளமான லென்ஸ் போடுவதால் அவன் இந்த முறை தூரத்தில் நின்று வீச வேண்டியிருக்கும். வெளிச்சத்தைத் திருப்புகிற வெள்ளைத் தட்டியைப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், தங்கையே போதும்.

மாப்பிள்ளை முட்டைப் பந்தை யோசனையோடு பார்த்தான். நசுங்கிய பொருளைத் தன் வாசலில் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. சரி என்றான்.

ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த விளையாட்டுத் திடலுக்கு மூவரும் மையும் போனார்கள். காரைத் திடலின் ஓரத்தில், பாய்க்குப் பின்னாலேயே, சாலையைப் பார்த்தபடி நிறுத்தினாள் அக்கா. மாப்பிள்ளையை எதிர்க்கோடிக்கு அனுப்பினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையாட்டிக்கொண்டே இருந்தாள். அவன் கட்டைவிரல் அளவுக்கு ஆனதும் போதும் என்றாள். தங்கை தட்டியைப் பிடித்தபடி அவளருகே முட்டி போட்டாள்.

ஷட்டர் தையல் மெஷின் மாதிரி கடகடத்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் அக்கா பேசினாள். உதட்டை அசைக்காமல், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல், அடிக்கிறானா என்று நேராகக் கேட்டாள். தட்டி லேசாக ஆடியது. அடுத்த பந்துக்கு அவன் குனிந்த இடைவெளியில், அக்கா பழைய படங்கள் இருந்த மெமரி அட்டையைக் கேமராவில் போட்டு, பின்திரையைத் தங்கை பக்கம் சாய்த்து அந்த வரிசையை ஓட்டிக் காட்டினாள். நிழல் கை எழும்புகிறது. மை குனிகிறது. வேலியோரம் வெளிர்நிறப் புகையும் குனிகிறது.

தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் இல்லாத நேரத்துலதான் அத அடிப்பான்னு நெனச்சேன். நான் கூட இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு” என்றாள். குரல் உள்ளே எங்கேயோ இருந்தது. “போயிடலாம்னு எவ்வளவோ தடவ நெனச்சிருக்கேன். நாய வெச்சுட்டுப் போன்னு சொல்லிட்டான். நீ போன அன்னைக்கே அதுக்குப் பயிற்சி ஆரம்பிக்கும்னான்.”

“நாய் இப்ப இங்க இருக்கு. கார் பின்னாடி இருக்கு. பூட்டல” என்றாள் அக்கா.

எதிர்க்கோடியில் கை உயர்ந்தது. பந்து வானத்தில் ஏறி, வெயிலில் மின்னி, கீழே இறங்கியது. மை ஓடி வந்து பாய்ந்தது. அந்தத் தூரத்தில் அவன் வெறும் புள்ளி. மையின் கண் பந்தில் இருந்தது, பந்தில் மட்டும். ஷட்டர் கடகடத்தது. கவ்வியதும் கால் தரையில் பட, அவன் விசிலடித்தான். மையின் காதுகள் ஒட்டிக்கொண்டன, வால் உள்ளே போனது. அவன் பக்கம் போகத் திரும்பியது.

தங்கை தட்டியைக் கீழே போட்டாள். மை என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. நாய் இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு பந்தை வாயில் வைத்தபடியே அவளிடம் ஓடி வந்தது. அவள் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பாமல் காரை நோக்கி நடந்தாள்.

மாப்பிள்ளை வரத் தொடங்கினான். ஓடவில்லை, நடந்துதான் வந்தான். அதுதான் அக்காவைப் பயமுறுத்தியது. அவள் எழுந்து முட்டி போட்டு, கேமராவை அவன் பக்கம் திருப்பினாள். கண்ணைத் தேடிக் கூர்மையாக்கும் கட்டம் அவன் முகத்தில் உட்கார மறுத்தது. நாய்களுக்கென்று அமைத்து வைத்திருந்தாள். அதை மனிதர்களுக்கு மாற்றினாள். கட்டம் சட்டென்று அவன் கண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. அமுக்கினாள். ஷட்டரின் கடகடப்பு திடல் முழுக்கக் கேட்டது. லென்ஸ் வழியாக அவன் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சிரிப்பு இல்லை. அவள் பார்த்ததே இல்லாத முகம். தன்னைப் படம் பிடிக்கிறாள் என்று உறைத்ததும் நின்றான். சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டான். அது வாயில் வந்து சேர்வதைக் கூட ஒவ்வொரு படமாக அவளால் பார்க்க முடிந்தது. கண் மட்டும் மாறவில்லை.

“நல்லா வருதாக்கா?” என்று அங்கிருந்தே கேட்டான்.

அவள் அமுக்குவதை நிறுத்தாமல் பின்னோக்கி நடந்து காரை அடைந்தாள். அவன் அடி எடுத்து வைக்கவில்லை. கார் சாலையில் ஏறும்வரை நின்ற இடத்திலேயே நின்று கையாட்டிக்கொண்டிருந்தான்.

தங்கை மறுபடி அந்தப் பழைய அறைக்கே வந்தாள். காவல் நிலையத்துக்குப் போவோம் என்று அக்கா சொன்னபோதெல்லாம் தலையை ஆட்டி மறுத்தாள். விட்டு வந்துவிட்டோமே, அது போதும், கிளற வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை போன் செய்யவில்லை, வரவில்லை, சொந்தக்காரர்களைத் தூது அனுப்பவில்லை. அந்த அமைதியை நல்லது என்று தங்கை சொன்னாள். அக்காவுக்குத்தான் அது நல்லதாகப் படவில்லை. வெளியே ஏதாவது கார் வேகம் குறைந்தாலே ஜன்னலுக்குப் போனாள். மை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. முன்முற்றத்தில் தங்கை பந்தை வீச, மதிலுக்கு மேலே தலை தெரிய எழும்பிக் கவ்வியது.

ஒருநாள் காலை அக்காவின் போனுக்கு ஒரு படம் வந்தது. தெரியாத எண். வாசகம் எதுவும் இல்லை. நடுவில் கறுப்பாக ஒரு கோடு, யாரோ ஈரத் துணியால் இழுத்துவிட்ட மாதிரி. அதற்கு மேலே மஞ்சளாக ஒரு தீற்றல். வேறு யாராவது பார்த்தால் கெட்டுப்போன படம் என்று அழித்திருப்பார்கள். அக்காவுக்கு ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. கறுப்புக் கோடு மை. மஞ்சள் தீற்றல் பந்து. மங்கிய வெளிச்சத்தில் போன் கேமரா தன் ஷட்டரை மெதுவாக்கிக்கொண்டதால், தாவிய நாய் இழுபட்டுப் போயிருக்கிறது. அசையாத மதில் மட்டும் கூர்மையாக விழுந்திருந்தது. அது அவர்கள் வீட்டு மதில். ஓரத்தில் தெரிந்த வெளிறிய பளபளப்பு கார் கண்ணாடி. எடுத்த உயரம் காருக்குள் உட்கார்ந்திருப்பவனின் கண் உயரம். படத்தில் தூரத்திலிருந்து பெரிதாக்கிய சொரசொரப்பு இல்லை. அப்படியானால் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்துதான். நேற்றோ முந்தாநாளோ, அவர்கள் இருவரும் அந்த முற்றத்தில் சிரித்துக்கொண்டு நின்ற நேரத்தில்.

மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு போனைத் தங்கையிடம் கொடுத்து, தான் பார்த்ததையெல்லாம் சொன்னாள். தங்கை ஜன்னல் பக்கம் போகவில்லை. படத்தைத் தட்டாமல், பெரிதாக்காமல் வைத்துப் பார்த்தாள். மை வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டு, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

“கேமராவுல இருக்கறதையும் எடுத்துக்க. அவன் நடந்து வந்தான்ல, அதையும்” என்றாள் தங்கை.

நாய் பயப்படுகிறது என்பதை வைத்துக் காவல் நிலையத்தில் எதுவும் செய்வார்களோ மாட்டார்களோ என்று அக்கா இழுத்தாள்.

“படம் காட்டாததெல்லாம் நானே சொல்றேன்” என்றாள் தங்கை. செருப்பை மாட்டிக்கொண்டு, மையின் கழுத்துப்பட்டையில் வாரைக் கோத்தாள். அதை வீட்டில் தனியே விட்டுப் போக இருவருக்கும் மனமில்லை. அக்கா கதவைத் திறந்து தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். எதிர்ப்பக்கத்தில் கார்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் கண்ணாடியிலும் வானம்தான் தெரிந்தது. மை படியில் நின்று மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது, பிறகு காதுகள் இரண்டையும் மண்டையோடு ஒட்டிக்கொண்டது.

தங்கை வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.